பாட்டிலிருந்து பேச்சுக்கு வந்த வரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சினிமாப் பாட்டு வரிகளைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்களில் பெரும்பாலானவை 1950களிலிருந்து 70கள் வரை வந்த பாட்டுகள். பேச்சுக்குள் நன்றாக ஊறிப்போனவை அவைதான்.

ஒரு பாட்டு வரி எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அதைப் பழமொழி என்று சொல்லிவிடலாமா?

முடியாது. 'காலங்களில் அவள் வசந்தம்' தெரியாத தமிழர் குறைவு. ஆனால் காய்கறிக் கடையிலோ பஞ்சாயத்திலோ அதை யாரும் எடுத்து விடுவதில்லை. அந்த வரியில் ஒரு 'அவள்' இருக்கிறாள். அவளை வர்ணிப்பதற்கு மேல் அந்த வரிக்கு வேலை இல்லை. அது பாட்டாகவே இருக்கிறது, பாட்டாகவே அழகாகவும் இருக்கிறது.

நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை எளிது. மெட்டைக் கழற்றிவிட்டு, சாதாரணக் குரலில், பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காரியத்தைப் பற்றி அந்த வரியைச் சொல்ல முடிகிறதா? சொன்னதும் எதிரே இருப்பவர் பாட்டை நினைக்காமல் காரியத்தை நினைத்துத் தலையாட்டுகிறாரா? இரண்டும் நடந்தால் அந்த வரி பாட்டை விட்டு வெளியே வந்துவிட்டது என்று பொருள். கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ், அதன் மேல் வண்டி ரிப்பேர் என்று ஒரே வாரத்தில் வந்த மனிதர் 'சோதனை மேல் சோதனை' என்று பெருமூச்சு விடும்போது அவர் மனதில் 'தங்கப்பதக்கம்' படமும் இல்லை, சிவாஜியும் இல்லை. பில்தான் இருக்கிறது.

'வீடு வரை உறவு' பட்டினத்தார் பாட்டிலிருந்து எடுத்தது என்கிறார்கள். அப்படியென்றால் ஜனங்கள் வாயில் பட்டினத்தார் வரி ஏன் நிற்கவில்லை, கண்ணதாசன் வரி எப்படி நின்றது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றக் கேள்விகள் பலவற்றுக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

பட்டினத்தார் பாட்டு இது:

அத்தமும் வாழ்வும் அகத்துமட்டே விழி அம்பொழுக
மெத்திய மாதரும் வீதிமட்டே விம்மி விம்மி இரு
கைத்தலம் மேல்வைத்து அழும் மைந்தரும் சுடுகாடுமட்டே
பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே

1962இல் வந்த 'பாத காணிக்கை' படத்தில் கண்ணதாசன் எழுதியது:

வீடு வரை உறவு
வீதி வரை மனைவி
காடு வரை பிள்ளை
கடைசி வரை யாரோ

கருத்து ஒன்று. வீடு, வீதி, சுடுகாடு என்ற வரிசையும் ஒன்று. ஒவ்வொரு துண்டிலும் 'மட்டே' என்று திரும்பத் திரும்ப வந்த இடத்தில் இங்கே 'வரை' வருகிறது. எலும்புக்கூடு முழுக்கப் பட்டினத்தாருடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம்.

வித்தியாசம் சதையில் இருக்கிறது. பழைய பாட்டில் மனைவி வருகிறாள் என்றால் வெறுமனே வருவதில்லை, விழியில் அம்பு ஒழுக வருகிறாள். அம்பு என்றால் நீர். பிள்ளைகள் விம்மி விம்மி இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு அழுகிறார்கள். படிக்கும்போது காட்சி கண்முன் நிற்கிறது. கட்டளைக் கலித்துறையில் அத்தமும், மெத்திய, கைத்தலம், பற்றி என்று எதுகை விழ வேண்டும், அடி நிரம்ப வேண்டும். அதற்கு இந்தச் சொற்கள் தேவை. ஆனால் இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல நினைப்பவருக்கு இவ்வளவும் பாரம். அத்தம் என்றால் பொருள் என்று இன்று அகராதியைப் புரட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணதாசன் அழுகையை முழுக்க எடுத்துவிட்டார். மொத்தம் 12 சொல். துண்டுக்கு மூன்று, நடுச்சொல் எப்போதும் 'வரை'. முதல் இரண்டும் 'வீ'யில் தொடங்குகின்றன, அடுத்த இரண்டும் 'கா', 'க' என்று தொடங்குகின்றன. ஒரு வினைச்சொல் கூட இல்லை. வினை இல்லாததால் காலம் இல்லை, இடம் இல்லை, நடந்ததா நடக்கப்போவதா என்ற கேள்வியே இல்லை. எந்தச் சாவுக்கும் பொருந்தும்.

இன்னொன்று. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. பிணம் போகிற வழிதான் வரிகளின் வரிசை. வீட்டிலிருந்து எடுத்து, வீதியில் பெண்கள் நின்றுவிட, ஆண்பிள்ளைகள் காடு வரை போகும் வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது என்ன என்று வாய் தானாகச் சொல்லும். ஒரு துண்டு மறந்தாலும் வழியைப் பிடித்துக்கொண்டு போனால் கிடைத்துவிடும்.

கடைசிச் சொல்லை விட்டுவிடக் கூடாது. பட்டினத்தார் விடை சொல்லிவிட்டார்: கூட வருவது புண்ணியமும் பாவமும். கண்ணதாசன் 'யாரோ' என்று நிறுத்திவிட்டார். பக்தர் அதைக் கடவுள் என்று வைத்துக்கொள்ளலாம், நம்பாதவர் ஒருவருமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வரி இருவர் வீட்டுக்குள்ளும் போகிறது.

இவ்வளவு எளிய அச்சு என்பதால் அதில் எதை வேண்டுமானாலும் ஊற்றலாம். என் உறவினர் ஒருவர் ஓய்வு பெற்ற அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: "மேடை வரை மாலை, கேட் வரை மேனேஜர், பஸ் ஸ்டாண்டு வரை பியூன், வீடு வரை யாரோ." எல்லோரும் சிரித்தோம், அத்தை மட்டும் சிரிக்கவில்லை. பட்டினத்தார் பாட்டை வைத்து இப்படி ஒரு வரி கட்ட நான் முயன்று பார்த்திருக்கிறேன், வராது.

பல்லவி வரிகள்தான் எப்போதும் வெளியே வருகின்றனவா?

பெரும்பாலும் ஆமாம். காரணம் வெறும் எண்ணிக்கை. ஒரு பாட்டில் சரணம் ஒரு தடவை வரும், பல்லவி ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்பி வரும். தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். இதோடு ரேடியோவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1952இல் மத்திய அமைச்சராக இருந்த கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளை ஓரம் கட்டியதும், தமிழ்நாட்டு வீடுகளும் டீக்கடைகளும் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பின. காசு கொடுத்துப் படம் பார்க்காதவர் காதிலும் பல்லவி நூறு முறை விழுந்தது.

ஆனால் சரணத்திலிருந்தும் தப்பி வருபவை உண்டு. அவற்றைக் கவனித்தால் ஒரு பொது அடையாளம் தெரிகிறது. சரணத்தின் முடிவில், வாதத்தின் தீர்ப்பாக நிற்கும் வரிதான் அப்படி வரும். 'திருடாதே பாப்பா திருடாதே' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவி குழந்தைக்குச் சொல்லும் புத்தி, அது பாட்டோடு நின்றுவிட்டது. உள்ளே சரணத்தில் திட்டம் போட்டுத் திருடுகிற கூட்டம் ஒரு பக்கம், சட்டம் போட்டுத் தடுக்கிற கூட்டம் இன்னொரு பக்கம் என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, 'திருடனாய்ப் பார்த்துத் திருந்தாவிட்டால் திருட்டை ஒழிக்க முடியாது' என்று முடிக்கிறார் பாட்டை எழுதியவர். லஞ்சம், வரி ஏய்ப்பு, ஹெல்மெட் போடாதவர் என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கடைசியில் யாராவது ஒருவர் இந்த வரியைப் போட்டுப் பேச்சை முடித்துவிடுகிறார். விவாதத்தை முடிப்பதற்காகவே செய்த வரி, விவாதத்தை முடிக்கவே பயன்படுகிறது.

'மயக்கமா கலக்கமா' பாட்டிலும் இதே கதை. பல்லவி கேள்வியாக நிற்கிறது. ஆறுதல் சொல்லப் போகிறவர் எடுத்துப்போவது சரணத்தில் வரும் 'உனக்கும் கீழே உள்ளவர் கோடி'யைத்தான்.

'எங்கிருந்தாலும் வாழ்க' எவ்வளவு உருக்கமான பாட்டு! எங்கள் ஆபீசில் கடன் வாங்கிக்கொண்டு ஓடிப்போனவனைப் பற்றி அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு வரி எப்படி இப்படி ஆகும்?

'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில், தான் விரும்பிய பெண் இன்னொருவர் மனைவியாகிவிட்ட நிலையில் ஒரு டாக்டர் பாடுவது அது. ஏ.எல்.ராகவன் குரல். கிண்டலின் நிழல்கூட அதில் கிடையாது.

விஷயம் இலக்கணத்தில் இருக்கிறது. 'வாழ்க' என்பது வியங்கோள் வினைமுற்று. அவன் வாழ்க, அவள் வாழ்க, நீர் வாழ்க, அவை வாழ்க என்று எந்தப் பாலுக்கும் எந்த இடத்துக்கும் ஒரே வடிவம். தமிழில் சாதாரண வினைமுற்று எதிரே இருப்பது ஆணா, பெண்ணா, மரியாதைக்குரியவரா என்பதையெல்லாம் விகுதியில் காட்டிக்கொடுத்துவிடும். 'வாழ்கிறாய்' என்றால் நண்பன், 'வாழ்கிறீர்கள்' என்றால் பெரியவர். வாழ்க அப்படி எதையும் காட்டுவதில்லை. 'எங்கிருந்தாலும்' என்பதிலும் ஆள் இல்லை. இரண்டு சொல்லையும் சேர்த்தால் வருகிற வாழ்த்தில் யாரை வாழ்த்துகிறோம் என்ற இடம் காலியாக இருக்கிறது. பழைய காதலியும் அங்கே உட்காரலாம், ஐயாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு செல்போன் எண்ணை மாற்றியவனும் உட்காரலாம்.

கிண்டல் வருவது வரியின் உயரத்தால். 'தொலைஞ்சு போகட்டும்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் செந்தமிழ் வாழ்த்தை வைத்தால் அந்த உயரமே சிரிப்பாகிவிடுகிறது. உருக்கமான வரி என்பதால்தான் நன்றாகக் கிண்டலாகிறது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பாட்டைப் போட்டுக் கேட்டால் இன்றும் அழத்தான் தோன்றுகிறது.

வரிகளைத் தப்பும் தவறுமாகச் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. சரியான வரியைச் சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

பாடும்போது திருத்துங்கள், பேசும்போது விட்டுவிடுங்கள். எங்கே மாறுகிறது என்று பார்த்தால், ஏன் மாறுகிறது என்பதும் தெரியும். முதலில் கைவைப்பது விளியில்தான். 'போனால் போகட்டும் போடா' என்பதைப் பையன் அப்பாவிடம் அப்படியே சொல்ல முடியாது, கன்னத்தில் விழும். அதனால் 'போடா' கழன்று 'போனா போகட்டும்' மட்டும் மிஞ்சுகிறது. 1968இல் 'சக்கரம்' படத்தில் வாலி எழுதியது 'காசேதான் கடவுளப்பா'. 1972இல் படத்தின் பெயராக வந்தது 'காசேதான் கடவுளடா'. இன்று பேச்சில் இரண்டும் புழங்குகின்றன, யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அப்பாவும் அடாவும் மாறிக்கொள்கின்றன. அந்த ஒரு அசைதான் மாறும், 'காசேதான் கடவுள்' என்ற நடுப்பகுதியை யாரும் தொடுவதில்லை.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். வரியைப் பாதி சொல்லி, பொருளையும் பாதியாக்கிவிடுவது. 'நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால் தெய்வம் ஏதுமில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த வரி அதையே திருப்பிப் போடுகிறது: நடந்ததையே நினைத்திருந்தால் அமைதி என்றும் இல்லை. முதல் வரி விதியைச் சொல்கிறது, அடுத்தது நாம் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. ஊர் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டது.

'போனால் போகட்டும்', 'சட்டி சுட்டது' எல்லாம் பாட்டுக்கு முன்பே ஜனங்கள் பேசியதுதானே? யாரிடமிருந்து யார் எடுத்தார்கள்?

சரியாகப் பிடித்தீர்கள். 'சட்டி சுட்டது, கை விட்டது' பழைய பழமொழி. 1962இல் 'ஆலயமணி'யில் இரண்டு இடத்திலும் ஒரு 'அடா' சேர்ந்து பாட்டாயிற்று. 'ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன' என்பதும் 'முள்ளும் மலரும்' (1978) படத்துக்கு வெகு முன்னால் இருந்ததே. ஊர் கொடுத்ததைப் பாட்டு கொஞ்ச காலம் வைத்திருந்து, மெருகேற்றித் திருப்பிக் கொடுத்திருக்கிறது. வாயில் ஏற்கெனவே பழகின தடம் என்பதால் இப்படிப்பட்ட வரிகள் ரிலீஸ் ஆன வாரமே பேச்சில் ஓடும்.

இப்போது ஒருவர் சொல்வது பழமொழியா பாட்டா என்று அறிய ஒரு வழி உண்டு. பேச்சில் வராத வடிவம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். 'சுட்டுச்சு' என்று பேசுகிறவர் இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் 'சுட்டதடா' என்கிறாரா? அப்படியென்றால் அது பாட்டிலிருந்து வந்தது. வாய் பேச்சுத்தமிழாக இருக்கும்போது நடுவில் ஒரு எழுத்துத்தமிழ் முடிவு துருத்திக்கொண்டிருக்கும். அது பாட்டின் தழும்பு.

பாம்பும் கருடனும் பாட்டிலிருந்து என்ன எடுத்தார்கள், என்ன விட்டார்கள்?

'சூரியகாந்தி' (1973) படத்துக்குக் கண்ணதாசன் எழுதியது. பரமசிவன் கழுத்தில் பாதுகாப்பாக இருக்கும் பாம்பு, தன் பரம்பரை எதிரியான கருடனைப் பார்த்துச் சௌக்கியமா என்று கேட்கிறது. அவரவர் இருக்கும் இடத்தில் இருந்தால் எல்லாம் சௌக்கியமே என்கிறது கருடன்.

இந்த ஒரு பல்லவி ஊருக்குள் வந்ததும் இரண்டாகப் பிளந்துவிட்டது. 'கருடா சௌக்கியமா' ஒரு துண்டு. முதலாளிக்கு வேண்டியவன் என்ற தைரியத்தில் மூத்தவரிடம் வாலாட்டும் ஆளைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் இதை முணுமுணுப்பார். இரண்டே சொல்லில் முழுக் கதையும் வந்துவிடும், பாம்பு என்ற சொல்லையே சொல்ல வேண்டியதில்லை. கேட்பவருக்குக் கதை தெரியும் என்ற நம்பிக்கைதான் இப்படிச் சுருக்க விடுகிறது. கதை தெரியாதவர் முன்னால் இதே சொற்கள் வெறும் குசல விசாரிப்பு.

'இருக்கும் இடத்தில் இருந்துகொண்டால்' இன்னொரு துண்டு. இதன் பயணம் அவ்வளவு அழகானதல்ல. பாட்டில் இந்த வார்த்தை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு அலட்டும் பாம்புக்குச் சொல்லப்பட்டது. ஊரில் நான் கேட்டபோதெல்லாம் இது கீழே இருப்பவருக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பையனைப் பார்த்து ஒருவர் இதைச் சொன்னதை என் காதால் கேட்டேன். பையன் எழுந்து பின்னால் போய்விட்டான். வரி ஒன்றுதான், சொல்லும் ஆள் மாறினால் அது யாரைக் குத்தும் என்பதும் மாறிவிடுகிறது. எழுதியவர் அதற்குப் பொறுப்பல்ல, ஆனால் எடுத்துப் பேசும் நாம் பொறுப்பு.

ஒரு வரி யார் எழுதியது என்று எப்படி நிச்சயப்படுத்திக்கொள்வது? எல்லாவற்றையும் எம்ஜிஆர் பாட்டு, சிவாஜி பாட்டு என்றே சொல்கிறார்கள்.

வாயசைத்தவர் பெயர் முதலில் நிற்கும், பாடியவர் பெயர் அடுத்து, எழுதியவர் பெயர் கடைசி. வரி எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு வேகமாக எழுதியவர் பெயர் உதிரும். 'திருடனாய்ப் பார்த்துத் திருந்தாவிட்டால்' எம்ஜிஆர் சொன்னதாகவே பலர் நினைக்கிறார்கள். எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அவர் 1959 அக்டோபரில், 29 வயதில் இறந்துபோனார். 'திருடாதே' 1961இல்தான் திரைக்கு வந்தது. அந்த வரி ஊர்வாயில் ஓடியதை அவர் கேட்கவே இல்லை.

சரிபார்க்கப் பாட்டுப் புத்தகம், இசைத்தட்டின் லேபிள், படத்தின் டைட்டில் கார்டு என்ற மூன்றையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தின் கீழே போட்டிருக்கும் பெயரை நம்பாதீர்கள். இந்தப் பழக்கம் சினிமாவுக்கு முந்தியது. 'கடன்பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்' என்று சொல்லிவிட்டுக் கம்பன் என்பார்கள். கம்பராமாயணத்தில் தேடினால் கிடைக்காது. இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயருடையது அது, அங்கேயும் 'கடன் கொண்டார்' என்றுதான் வரும். நல்ல வரி கிடைத்தால் பெரிய பெயரில் எழுதிவைப்பது நம் ஊர் வழக்கம்.

இப்போது வரும் பாட்டுகளிலிருந்து ஏன் ஒன்றும் வருவதில்லை?

'ஒன்றும்' என்பது கொஞ்சம் அதிகம். 2011 நவம்பரில் வந்த 'வொய் திஸ் கொலவெறி டி' என்ன ஆனது என்று பாருங்கள். 'கொலவெறி' அதற்கு முன்பே இளைஞர்களின் கேலிப் பேச்சில் இருந்த சொல். பாட்டு வந்தபின் அது ஊர் முழுக்க 'ஏன் இந்தக் கொலவெறி?' என்று ஆயிற்று. இங்கிலீஷ் தமிழாகிவிட்டது, 'டி' கழன்றுவிட்டது. 'போடா' கழன்ற அதே வழிதான், ஐம்பது வருஷம் கழித்து.

ஆனால் எண்ணிக்கை குறைந்தது உண்மை. பாட்டு செய்த வேலையை இன்று காமெடி வசனம் செய்கிறது. அலுத்துப்போன நேரத்தில் என் தலைமுறை சந்திரபாபுவின் 'ஒண்ணுமே புரியல உலகத்திலே' என்று சொல்லும். என் மகன் அதே இடத்தில் வடிவேலு முகம் போட்ட ஒரு படத்தை அனுப்புகிறான், சொல்லே வேண்டியதில்லை. கேட்கும் விதமும் மாறிவிட்டது. தாளத்துக்காக அசைகளைப் பிளந்து நிரப்பிய வரியை மெட்டில்லாமல் சொல்லிப் பாருங்கள், வாக்கியமாகவே நிற்காது. போன வாரம் அவன் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த பாட்டின் பல்லவியைச் சொல்லச் சொன்னேன். பாடத்தான் வந்தது அவனுக்கு, சொல்ல வரவில்லை.